இன்டர்நேஷனல் பள்ளிக்கு அறிமுகக் கடிதம்: ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. ஆசிரியர்கள் எழுதுவது எப்படி?

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் ஸ்டேட் போர்டு பள்ளியிலோ, புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ. பள்ளியிலோ பல வருடம் பாடம் எடுத்துவிட்டு, முதல் தடவையாக ஒரு கேம்பிரிட்ஜ் பள்ளிக்கோ ஐ.பி. பள்ளிக்கோ விண்ணப்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயோடேட்டா எல்லோரிடமும் இருக்கிறது. எம்.எஸ்சி., பி.எட். சான்றிதழ்களும் ஸ்கேன் செய்து தயாராக இருக்கும். கூடவே ஒரு பக்கக் கடிதம் கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் கை நின்றுவிடும்.

ஆசிரியர் தேர்வுக்காக இப்படி வருகிற கடிதங்களைப் படிக்கிற வேலை எனக்கு உண்டு. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, விளம்பரத்தைப் பார்த்தேன், பத்து வருட அனுபவம், கடின உழைப்பாளி, மாணவர் மையக் கற்பித்தலில் நம்பிக்கை உள்ளவள், ஒரு வாய்ப்பு தந்தால் முழுத் திறமையையும் காட்டுவேன் என்று முடியும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இயற்பியல் டீச்சர், தமிழ் ஐயா, பி.டி. மாஸ்டர் மூன்று பேரும் இதே கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடலாம். படிக்கிறவர் உங்களை வகுப்பறையில் நிற்கவைத்துப் பார்க்க அதில் ஒரு வரிகூட இருக்காது.

கடிதத்துக்கு மூன்று பகுதி போதும். எங்கே, எந்த வகுப்புக்கு, என்ன நடத்தினீர்கள் என்பது ஒன்று. அவர்களுடைய பாடத்திட்டத்தோடு அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பது இன்னொன்று. உங்கள் வகுப்பு எப்படி நடக்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆசிரியையை வைத்துக்கொள்வோம். வீடு கடலூர் ஓ.டி.யில். மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் +1, +2 இயற்பியல். பிறகு குழந்தைக்காக இரண்டு வருடம் வீட்டில். அப்புறம் புதுச்சேரியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்கு வருடம் 9, 10, 11-ஆம் வகுப்பு. இப்போது சென்னையில் ஒரு கேம்பிரிட்ஜ் பள்ளியில், நம் பத்தாம் வகுப்புக்கு இணையான ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கு இயற்பியல் ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் வந்திருக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்தப் பாடத்திட்டம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

பெயர்ப் பலகையில் இன்டர்நேஷனல் என்று இருப்பதாலேயே அது இன்டர்நேஷனல் பாடத்திட்டம் நடத்துகிற பள்ளி ஆகிவிடாது. நம் பக்கத்தில் அப்படிப் பெயர் வைத்த பல பள்ளிகளில் நடப்பது சி.பி.எஸ்.இ. பாடம்தான். கேம்பிரிட்ஜ், ஐ.பி. இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் பள்ளிகளைத் தேடிப் பார்க்கிற வசதி இருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டால் அங்கீகாரம் உள்ள பள்ளிகள் வந்துவிடும். புதுச்சேரியில் 1826 முதல் இருக்கிற பிரெஞ்சு லிசே இந்த இரண்டிலும் சேராது. அது பிரான்ஸ் நாட்டுப் பாடத்திட்டம், அங்கே பாடமொழியும் பெரும்பாலும் பிரெஞ்சு. ஒரே கடிதத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எங்கேயோ இடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பாடத்திட்டம் தெரிந்ததும் அதன் சிலபஸை இறக்கிக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் சிலபஸ் காசில்லாமல் கிடைக்கும். ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியலின் எண் `0625`. முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் மதிப்பீட்டைப் பற்றிய பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். ஒரு மாணவர் மூன்று தாள் எழுதுகிறார்: கொள்குறி வினா 30 சதவீதம், விரிவான விடைத்தாள் 50 சதவீதம், செய்முறை சார்ந்த தாள் 20 சதவீதம். செய்முறைத் தாளுக்கு இரண்டு வழி உண்டு. ஐந்தாம் தாள் என்றால் ஆய்வகத்தில் செய்து காட்ட வேண்டும். ஆறாம் தாள் என்றால் எழுத்துத் தேர்வு. அந்த எழுத்துத் தேர்விலும் அளவீடு எடுப்பது, அட்டவணை போடுவது, வரைபடம் வரைவது, பிழை எங்கே வந்தது என்று சொல்வது, இவைதான் கேள்வி. சூத்திரத்தை மனப்பாடமாக எழுதுவதற்கு அதில் இடம் குறைவு.

இதைப் படித்த உடனே நம் ஆசிரியைக்கு ஒன்று பிடிபடும். +2 செய்முறையும் சி.பி.எஸ்.இ. செய்முறையும் தானே நடத்தியிருக்கிறார். ஐந்தில் ஒரு பங்கு மதிப்பெண் ஏறக்குறைய அவர் கைப்பழக்கத்தில் இருக்கிற விஷயம். கடிதம் எதைச் சுற்றி அமைய வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

பொருந்தாத இடமும் அதே சிலபஸில் தெரியும். 2023 தேர்விலிருந்து விண்வெளி இயற்பியல் என்று தனிப் பகுதி சேர்ந்திருக்கிறது: சூரியக் குடும்பம், விண்மீன்களின் வாழ்க்கை, அண்டம் விரிவது என்று போகும். +2-விலும் பத்தாம் வகுப்பிலும் அதை இப்படி முழுப் பகுதியாக அவர் எடுத்ததில்லை. அதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. சிலபஸைத் திறந்து பார்த்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டாம்.

அனுபவத்தை வெளியூர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்

பத்து வருட அனுபவம் என்ற தொடரால் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பொதுத்தேர்வு என்று உடைத்துச் சொல்லுங்கள். கடிதத்தைப் படிக்கிற பிரின்சிபலோ கோஆர்டினேட்டரோ வேறு மாநிலத்தவராக, வேறு நாட்டவராகக்கூட இருக்கலாம். மெட்ரிக், +2, போர்ஷன், சென்டம் எல்லாம் அவருக்குப் புரியாது. +2 என்பது 17, 18 வயதில் எழுதுகிற பள்ளி இறுதிப் பொதுத்தேர்வு என்றும், இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

நூறு சதவீதத் தேர்ச்சி, இத்தனை பேர் சென்டம் என்று முதல் பத்தியிலேயே போடுகிற பழக்கம் நமக்கு உண்டு. பொய் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் நம் ஊரில் பல பள்ளிகள் அதே எண்ணைச் சொல்கின்றன என்பதால், அதை வைத்து இரண்டு ஆசிரியர்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதைவிட, உங்கள் வகுப்பில் எது சரியில்லாமல் இருந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், அதற்குப் பிறகு பிள்ளைகள் எதை வேறு மாதிரிச் செய்தார்கள் என்று ஒரே ஒரு மாற்றத்தைச் சொன்னால் அது உங்களுடையது மட்டும்தான்.

பாடத்திட்டம் மாறுகிற காலத்தில் வேலை பார்த்திருந்தால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் உயர்வகுப்புகளுக்கும் சி.பி.எஸ்.இ. வந்தபோது, நேற்று வரை சமச்சீர்ப் புத்தகத்தை வைத்து நடத்தியவர்கள் புது வினாத்தாளுக்குத் தயாராக வேண்டியிருந்தது. அதை ஒரு சிரமமாக மட்டும் நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. எடுக்காத ஆசிரியரை எடுக்கலாமா என்று யோசிக்கிற பள்ளிக்கு, இவர் ஏற்கெனவே ஒரு தடவை போர்டு மாறியவர் என்ற செய்தி பெரிய ஆறுதல். நம் ஆசிரியைக்கும் அது உண்டு: ஸ்டேட் போர்டிலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு வந்தவர்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சிக்குப் போய்விட்டு ஐ.பி. அனுபவம் உண்டு என்று எழுதாதீர்கள். பயிற்சி பெற்றேன் என்று எழுதுங்கள், பாடம் எடுத்தேன் என்று எழுத வேண்டாம். நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்தில் அது தெரிந்துபோகும். அப்புறம் உண்மையாகச் சொன்ன மற்ற விஷயங்களையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

வகுப்பறைப் பத்தி: ஒரே ஒரு பாடவேளை

இங்கே பொதுவாக எழுதக் கூடாது. ஒரு பாடவேளையைத் தேர்ந்தெடுங்கள். அது மூன்று விதத்தில் தேற வேண்டும்: அவர்களுடைய சிலபஸில் இருக்கிற தலைப்பு, நீங்கள் பல தடவை நடத்திய பாடம், பிள்ளைகள் தவறு செய்கிற இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடம்.

நம் ஆசிரியை தனி ஊசலை எடுத்துக்கொள்கிறார். `0625` சிலபஸில் அளவீட்டுப் பகுதியிலேயே, மிகச் சிறிய நேரத்தை அளக்கப் பல அலைவுகளை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும் என்று வருகிறது, ஊசலையும் அங்கே சொல்லியிருக்கிறார்கள். +1-லும் அவர் இதைச் செய்யவைத்திருக்கிறார். நம் பள்ளிகளில் இந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருட சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைமாறும். ஊசல் ஆடுவதற்கு முன்னாலேயே அட்டவணை நிரம்பியிருக்கும்.

அவர் செய்த மாற்றம் ரொம்ப எளிது. ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு நீளத்தில் நூல் கொடுத்தார். ஒரு குழுவுக்கு 20 செ.மீ., இன்னொன்றுக்கு 25, அடுத்ததற்கு 30 என்று 50 வரை. நுனியில் இரும்புக்கடையில் வாங்கிய நட்டு. இப்போது யார் நோட்டைப் பார்த்து எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் ஒரே ஒரு அலைவுக்கு நேரம் எடுக்கச் சொன்னார். 30 செ.மீ. குழுவில் ஒருத்தருக்கு 0.9 வினாடி, இன்னொருத்தருக்கு 1.3. ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிற கை தாமதிக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். அப்புறம் 20 அலைவுக்கு நேரம் எடுத்து 20-ஆல் வகுத்தார்கள். குழுவுக்குள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் வந்தது. கை தாமதிக்கிற அதே 0.2 வினாடி இப்போது இருபது அலைவுக்குப் பங்காகி 0.01 ஆகிவிடுகிறது.

எல்லாக் குழுவும் தங்கள் புள்ளியைக் கரும்பலகையில் ஒரே வரைபடத்தில் வைத்தார்கள். கிடையச்சில் நீளம், நெட்டச்சில் அலைவு நேரத்தின் வர்க்கம். புள்ளிகள் எல்லாம் நேர்கோட்டில் விழ, ஒரு குழுவின் புள்ளி மட்டும் கீழே தொங்கியது. அவர்களுடைய நேரம் 1.1-க்குப் பதில் 1.05. திரும்பச் செய்தார்கள், மறுபடியும் 1.05. ஆசிரியை விடையைச் சொல்லவில்லை. சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார். நட்டை விடும்போதே ஒன்று என்று தொடங்கினார்கள். வகுப்பே கண்டுபிடித்துவிட்டது: அவர்கள் இருபது என்று சொல்லும்போது முடிந்திருந்தது பத்தொன்பது அலைவுதான். பூஜ்யத்திலிருந்து எண்ணியதும் புள்ளி கோட்டுக்கு வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அளந்தாலும் போகாத பிழை ஒன்று உண்டு, திரும்ப அளந்தால் குறைகிற பிழை வேறு என்ற வேறுபாட்டை அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக நோட்ஸ் கொடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. கடிதத்தைப் படிக்கிற பிரின்சிபலுக்கும் அப்படித்தான். இந்த டீச்சர் கேள்வி கேட்டுக் காத்திருப்பார், தவறை வகுப்புக்குப் பயன்படுத்துவார், காசு செலவில்லாமல் சோதனை நடத்துவார் என்பதெல்லாம் தானாகவே விளங்கும். மாணவர் மையக் கற்பித்தல் என்ற தொடர் தேவைப்படவே படாது.

ஐ.பி. பள்ளிக்கு எழுதினால் இதே பாடவேளையைக் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே பத்தாம் வகுப்பு வரைக்கான நடுநிலைத் திட்டமான எம்.ஒய்.பி.யின் அறிவியலில் நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8. அதில் இரண்டாவது அளவுகோல், மாணவரே கேள்வி எழுப்பிச் சோதனையை வடிவமைப்பது. ஆகவே நூலின் நீளத்தை ஆசிரியர் கொடுத்தார் என்பதைவிட, எதை மாற்றிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளைக் கேட்டார், சிலர் நட்டின் எடையை மாற்றினார்கள், நேரம் மாறவில்லை என்று கண்டார்கள் என்று சொல்வது பொருந்தும். உண்மையில் அப்படி நடத்தியிருந்தால் மட்டும்!

சின்ன விஷயங்கள், ஆனால் விட்டுவிடக் கூடாதவை

நடுவில் இருக்கிற இடைவெளியை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிகளைக் கவனமாகப் பார்க்கிற பள்ளிகள், ஆசிரியரின் வேலை வரலாற்றில் காரணம் தெரியாத மாதங்கள் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். குழந்தைக்காக வீட்டில் இருந்தேன் என்றால் அதை அப்படியே எழுதலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. போக்சோ சட்டம் பற்றிப் பள்ளியில் பயிற்சி கொடுத்திருந்தால் அதையும் அதே வரியில் சேர்க்கலாம்.

அப்பா பெயர், சாதி, மதம், திருமண விவரம் ஆகியவை பழைய பயோடேட்டாவில் வருகிறவை. கடிதத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. சம்பளமும் அப்படித்தான், அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

எப்போது வந்து சேர முடியும் என்று தேதியோடு எழுதுங்கள். இங்கே கல்வியாண்டு ஏப்ரல், மே வாக்கில் முடிகிறது. கேம்பிரிட்ஜ், ஐ.பி. பள்ளிகள் பல ஆகஸ்டில் தொடங்குகின்றன, அதற்கான ஆள் தேடலை முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். மே மாதம் வேலையை விட்டுவிட்டுத் தேடலாம் என்று காத்திருந்தால் நல்ல இடங்கள் போய்விட்டிருக்கும்.

உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரைக் கேட்பார்கள், ஒருவர் இப்போதைய பிரின்சிபலாக இருக்க வேண்டும் என்பார்கள். வேறு இடம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் இங்கே முகம் மாறிவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு வழி இருக்கிறது: நேர்காணல் முடிந்து தேர்வானால் மட்டும் அவரைத் தொடர்புகொள்ளவும் என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். இது வழக்கமான வேண்டுகோள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முழுக் கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். நான் இங்கே தமிழில் தருவதற்குக் காரணம், சரக்கை முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் வெற்று வரி எது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக உங்கள் வழியில் எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 400 வார்த்தைக்கு மேல் போகாமல், ஒரே பக்கத்தில் முடிய வேண்டும்.

> அன்புள்ள பிரின்சிபல் அவர்களுக்கு,
>
> உங்கள் பள்ளியின் ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியல் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 14 முதல் 18 வயது மாணவர்களுக்குப் பத்து ஆண்டுகள் இயற்பியல் நடத்தியிருக்கிறேன்.
>
> முதல் ஆறு ஆண்டுகள் கடலூரில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் 11, 12-ஆம் வகுப்புகள், வகுப்புக்கு ஏறக்குறைய 45 மாணவர்கள். பள்ளி இறுதிப் பொதுத்தேர்வுக்கு அவர்களைத் தயார் செய்ததோடு, செய்முறைத் தேர்வுக்கான ஆய்வகப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் என் குழந்தையைக் கவனிக்க வீட்டில் இருந்தேன். கடந்த நான்கு ஆண்டுகளாகப் புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9 முதல் 11-ஆம் வகுப்பு வரை நடத்துகிறேன். பாடத்திட்டம் மாறியபோது பாடக்குறிப்புகளையும் வினாக்களையும் புதிதாக எழுதிக்கொண்டேன்.
>
> ஐ.ஜி.சி.எஸ்.இ. வகுப்பை நான் இதுவரை நடத்தியதில்லை. 0625 சிலபஸை என் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இயக்கம், வெப்பம், அலைகள், மின்சாரம் ஆகிய பகுதிகள் நான் நடத்திவருகிறவை. விண்வெளி இயற்பியல் எனக்குப் புதிது, அதற்குப் பாடத் திட்டம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். செய்முறைத் தாளில்தான் என் அனுபவம் உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.
>
> என் வகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பாடவேளை. தனி ஊசல் சோதனையில் மாணவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் அளவீடு எழுதுவதைக் கண்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வேறு நீளத்தில் நூல் கொடுத்தேன். எல்லோரும் தங்கள் புள்ளியைக் கரும்பலகையில் ஒரே வரைபடத்தில் வைத்தார்கள். ஒரு குழுவின் புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது. திரும்ப அளந்தும் மாறவில்லை. சத்தமாக எண்ணச் சொன்னேன். ஊசலை விடும்போதே ஒன்று என்று தொடங்கியதால் பத்தொன்பது அலைவையே இருபது என்று எடுத்துக்கொண்டதை மற்ற மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த சோதனையிலிருந்து, அளவீட்டுக்குக் கீழே பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்று இரண்டு வரி எழுதுவதை வகுப்பின் வழக்கமாக்கினேன்.
>
> பள்ளியில் போக்சோ சட்டம் குறித்த பயிற்சி பெற்றிருக்கிறேன். நடப்புக் கல்வியாண்டு முடிந்ததும் ஜூன் முதல் வாரத்திலிருந்து பணியில் சேர முடியும். என் இப்போதைய பிரின்சிபலை நேர்காணலுக்குப் பிறகு தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண், மின்னஞ்சல்)

ஐ.ஜி.சி.எஸ்.இ. நடத்தியதில்லை என்ற வரியைப் படித்துப் பலர் பதறுவார்கள். அதை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பார்கள். விளம்பரத்தில் அனுபவம் கட்டாயம் என்று போட்டிருந்தால் எப்படி எழுதினாலும் அந்தப் பள்ளி கூப்பிடாது. கட்டாயம் என்று போடாத பள்ளிக்கு, பயோடேட்டாவைப் பார்த்தாலே அனுபவம் இல்லை என்று தெரியும். அதனால் மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு, சிலபஸை எடுத்துப் பார்த்திருக்கிறேன் என்று காட்டுவதில்தான் லாபம்.

வேறு பாடம் எடுக்கிறவர்கள் நடுவில் இருக்கிற இரண்டு பத்திகளை மாற்றினால் போதும். கணக்கு ஆசிரியர் என்றால் `0580` சிலபஸ், வேதியியல் `0620`, உயிரியல் `0610`. பாடவேளை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஊசலைக் கடன் வாங்காதீர்கள். பத்தொன்பது அலைவுக் கதையோடு இரண்டு கடிதம் ஒரே மேசைக்கு வந்தால் இரண்டுமே ஓரமாகப் போய்விடும்.

அனுப்பும் முன்னும் பின்னும்

பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். வேர்டு கோப்பாகப் போனால் அவர்கள் கணினியில் வரிகள் கலைந்து இரண்டாவது பக்கத்துக்கு ஓடும். கோப்புக்கு `final new 2.pdf` என்றெல்லாம் பெயர் வைக்காமல் `YourName_Physics_CoverLetter.pdf` என்கிற மாதிரி, உங்கள் பெயரும் பாடமும் தெரிய வையுங்கள். மின்னஞ்சலில் கடிதத்தை மறுபடியும் ஒட்ட வேண்டாம். எந்தப் பணி, எந்தப் பாடம், இணைப்பில் என்ன இருக்கிறது என்று மூன்று வரி போதும். வேறு பள்ளிக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தி அனுப்புகிறவர்கள், பழைய பள்ளியின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். இது சாதாரணமாக நடக்கிற விபத்து.

வெளிநாட்டுப் பள்ளி என்றால் காவல்துறை நன்னடத்தைச் சான்று, சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் முத்திரை அல்லது அந்த நாட்டுத் தூதரக முத்திரை என்று பின்னால் கேட்பார்கள். நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பிக்கலாம். கடிதத்தில் இவற்றைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சில தனியார் பள்ளிகள் சேரும்போதே அசலை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதைத் திரும்ப வாங்குவதற்கே மாதக்கணக்காகலாம்.

இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கூப்பிட்டால், நேர்காணலில் கேள்வி கடிதத்திலிருந்துதான் வரும். அந்த 1.05 குழு மறுபடியும் தவறு செய்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், வேகமாக முடித்துவிட்ட பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள், 45 பேர் வகுப்பில் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்பார்கள். மூன்றுக்கும் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று முந்தின நாளே யோசித்து வையுங்கள். டெமோ கிளாஸும் பெரும்பாலும் இருக்கும், 20 முதல் 40 நிமிடம் தருவார்கள். கடிதத்தில் எழுதிய பாடத்தையே நடத்தட்டுமா என்று கேட்டுப் பார்க்கலாம், சில பள்ளிகள் சரி என்பார்கள். அப்படிச் சொன்னால் நூலையும் நட்டையும் நீங்களே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டாப்வாட்ச் எத்தனை இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.